சரிபார்ப்புத் தாமதத்தை மன்னிக்கக் கோரிக்கை

ஐயா, வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். காரைக்குடி வீட்டு வாடகை வருமானத்துக்காக 2024-25 மதிப்பீட்டு ஆண்டின் ITR-2 வருமான வரிக் கணக்கை 2024 ஜூலை 26 அன்றே, கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டேன், ஆனால் 30 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 25க்குள், சரிபார்க்கவில்லை.

ஆதார் ஓடிபி போகும் இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. சரி, ITR-V-யில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பலாம் என்று அச்செடுத்தேன், மறுநாளே அம்மா பால்மரக் காட்டோரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒன்றரை மாதம் ஈப்போ மருத்துவமனையே வீடாகிவிட்டது. அந்தத் தாள் அம்மாவின் மருந்துப் பெட்டிக்கு அடியில் அப்படியே இருந்தது.

வருமானம் எதையும் மறைக்கவில்லை, வாடகையில் டிடிஎஸ்ஸும் பிடித்தாயிற்று. பிரிவு 119(2)(b)-ன்படி தாமதத்தை மன்னித்து, ஜூலை 26-ஐயே தாக்கல் தேதியாக ஏற்க வேண்டுகிறேன். இப்போது என்ஆர்ஓ கணக்கின் நெட்பேங்கிங் வேலை செய்கிறது, அனுமதி வந்த அன்றே சரிபார்த்துவிடுவேன். மருத்துவமனைச் சான்றை இணைத்திருக்கிறேன்.