வசந்தா டீச்சர் கார்டுக்கான வாசகங்கள்

சரவணன் சார், வணக்கம்.

கார்டு அழகாக இருக்கிறது. உள்பக்கம் எதுவும் அச்சடிக்காமல் வாங்கி வந்தது ரொம்ப நல்லது. நீங்கள் கேட்டபடி, எல்லோரும் "விரைவில் நலம் பெற வாழ்த்துகள்" என்றே எழுதிக் கையெழுத்துப் போடாமல் இருக்க, சில வாசகங்கள் எழுதி அனுப்புகிறேன்.

மூட்டு மாற்று ஆபரேஷனில் மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். ஆனால் வீக்கம் வடிந்து, முட்டி நன்றாக மடங்கி, படி ஏறி இறங்கப் பழக மாதக்கணக்கில் ஆகும். டீச்சரோ பிளஸ் டூ பிள்ளைகளை நினைத்துப் படுக்கையிலேயே தவித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் சீக்கிரம் வாருங்கள் என்பதைவிட, இங்கே வேலை நடக்கிறது, நிதானமாகத் தேறி வாருங்கள் என்று சொல்வதுதான் அவருக்குத் தெம்பு. அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

நடுவில், பள்ளி சார்பாகப் பெரிய எழுத்தில் இது:

"அன்புள்ள வசந்தா டீச்சருக்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி வந்ததும் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. இத்தனை வருடம் வலியைப் பொறுத்துக்கொண்டு மாடி ஏறி வந்து பாடம் எடுத்தீர்கள். இப்போது உங்கள் காலுக்கு வேண்டிய ஓய்வை முழுசாகக் கொடுங்கள். உங்கள் வகுப்புகளை நாங்கள் பிரித்து எடுத்துக்கொண்டோம். நீங்கள் திரும்பி வரும்போது பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு தரைத்தளத்தில் இருக்கும். அன்புடன், உங்கள் பள்ளிக் குடும்பம்."

தரைத்தள விஷயத்தை ஹெச்.எம்.மிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வகுப்பறையை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார். செய்ய முடியாத எதையும் கார்டில் எழுத வேண்டாம், சார். டீச்சர் அதை நம்புவார்.

இது நீளம் என்று தோன்றினால்:

"டீச்சர், நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவசரமே இல்லை. உங்கள் நாற்காலி, உங்கள் ஜன்னலோர மேசை, உங்கள் பிள்ளைகள் எல்லாம் பத்திரம்."

கணக்குத் துறையில் இருந்து கவிதா டீச்சர் எழுதுவதாக இருந்தால், பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று சொல்வதே அவருக்குப் பெரிய மருந்து:

"அக்கா, முதல் தொகுதி முழுக்க முடித்துவிட்டோம். வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளில் இருக்கிறோம். பெருமம், சிறுமம் கணக்குகளை நீங்கள் போடும் முறையிலேயே போட்டுக் காட்டுகிறேன். உங்கள் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். பள்ளியைப் பற்றி யோசிக்காமல் தூங்குங்கள்."

பிள்ளைகள் தனித்தாளில் எழுதி உள்ளே வைக்கட்டும். லீடர் பையனிடம் இதைக் கொடுங்கள், அவர்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளட்டும்:

"டீச்சர், தினமும் ஐந்து கணக்கு போடச் சொன்னீர்கள், போடுகிறோம். டாக்டர் சொன்ன பயிற்சியை நீங்கள் செய்யுங்கள், நீங்கள் சொன்ன பயிற்சியை நாங்கள் செய்கிறோம். திரும்பி வந்ததும் நோட்டைத் திருத்துங்கள், எல்லாரும் காட்டுகிறோம்."

போன வருடம் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஜெயராமன் சார் எழுதும் வரியை டீச்சர் திரும்பத் திரும்பப் படிப்பார். அவர் மட்டும் வலியைப் பற்றி நேராகவே எழுதலாம். மற்றவர்கள் வைத்தியம் சொல்ல வேண்டாம்.

"டீச்சர், முதல் சில வாரங்களில் ராத்திரிதான் எனக்கு அதிகம் வலித்தது. இது இப்படியே இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இல்லை, குறைந்துவிட்டது. வலிக்கிறதே என்று மடக்கி நீட்டும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போது நான் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறேன். பேச வேண்டும்போல இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்."

பிரார்த்தனை சொல்லி எழுதுபவர்கள் அவரவர் வழக்கப்படியே எழுதினால் நன்றாக இருக்கும். டீச்சர் எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர், எதையும் அன்பாகத்தான் எடுத்துக்கொள்வார். ஹசீனா டீச்சருக்கு: "ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காக துஆ கேட்கிறேன் அக்கா. அல்லாஹ் உங்களுக்குப் பூரண சுகத்தைக் கொடுப்பான்." ஆரோக்கியம் சாருக்கு: "ஞாயிறு பூசையில் உங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டோம். ஆண்டவர் உங்களைத் தாங்கி நடத்துவார்." கோவிலுக்கு வேண்டிக்கொண்டவர்கள்: "சமயபுரத்தாள் துணையிருப்பாள். கால் நன்றாக ஆனதும் சேர்ந்தே போய்க் கும்பிட்டு வருவோம்."

சத்துணவு அமைப்பாளர் முனியம்மா அக்காவை விட்டுவிடாதீர்கள். நேற்று அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்: "டீச்சரம்மா, நல்லா சாப்புடுங்க. மாத்திரை போடுறவங்க வெறும் வயித்துல இருக்கக் கூடாது. நீங்க வர்ற அன்னிக்கு உங்களுக்குப் புடிச்ச முருங்கக்கீரைய நான் வீட்டுலேர்ந்து செஞ்சு எடுத்தாரேன்."

இந்த ஜூனில் சேர்ந்த இளங்கோ சார் அவரிடம் அதிகம் பழகியதில்லை, என்ன எழுதுவது என்று தயங்கினார். அவருக்கு இரண்டு வரி போதும்: "டீச்சர், நான் சேர்ந்த முதல் நாள் கால அட்டவணையை உட்கார்ந்து பொறுமையாக விளக்கினீர்கள். நீங்கள் சுகமாக எழுந்து நடமாட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்." அலுவலகத்தில் இருந்து: "மெடிக்கல் லீவு பேப்பர் எல்லாம் அனுப்பியாகிவிட்டது மேடம். சம்பள பில் விஷயம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சேரும்போது பிட்னஸ் சர்டிபிகேட் மட்டும் கொண்டு வாருங்கள், போதும்."

கையெழுத்து வாங்கும்போது இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். "நீங்கள் இல்லாமல் இங்கே ஒன்றும் ஓடவில்லை" என்று யாரும் எழுத வேண்டாம். பாசமாகத்தான் எழுதுவார்கள், ஆனால் டீச்சர் அதைப் படித்துவிட்டு டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே கிளம்பி வந்துவிடுவார். அப்புறம் வயசு, ஓய்வு பெறுவது, ஆஸ்பத்திரிச் செலவு, இதெல்லாம் கார்டில் வேண்டவே வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் கீழே எனக்கு ஒரு ஓரம் விடுங்கள். நான் எழுதப்போவது இது:

"வசந்தா, இருபது வருடமாக ஒரே பஸ்ஸில் வந்து போகிறோம். இப்போது பக்கத்து சீட்டில் யார் யாரோ உட்காருகிறார்கள். அது பரவாயில்லை. நீ வாக்கரோடு ஹாலில் ஒரு சுற்று நடந்தாய் என்று உன் மகள் போனில் சொன்னாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் நன்றாக நடப்பாய், மறுநாள் கால் கனமாக இருக்கும். கனமாக இருக்கும் நாளில் உன்னையே திட்டிக்கொள்ளாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் மத்தியானம் வருகிறேன். பேசினாலும் சரி, சும்மா படுத்திருந்தாலும் சரி. உன் தோழி, மங்கை."

வியாழக்கிழமைக்குள் எல்லோரும் எழுதிவிட்டால், வெள்ளி சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஐந்து மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வருகிறாராம், அதனால் ஆறரைக்கு மேல் போவோம். மூன்று நான்கு பேர் போதும், சார். கூட்டமாகப் போனால் நம்மை உட்கார வைக்கவே அவர் எழுந்துவிடுவார்.