வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உன்னைக் கேட்கப்போகும் கேள்விகள்

தம்பி, ஒற்றை நாற்று நடவு பற்றிய உன் பதினோரு ஸ்லைடுகளையும் இரண்டு முறை படித்தேன். கடைமடை விவசாயிகள் கோபத்தோடுதான் வருவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் உன் ஸ்லைடுகளில் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. நீயும் மேடையில் சேர்க்காதே.

“ஒரே ஒரு வயலைக் காட்டி எங்களை ஏமாற்றப் பார்க்கிறாயா?”

“ஐயா, ஏழாவது ஸ்லைடில் இருப்பது ஒரு ஏக்கர், ஒரு சம்பா. 32 மூட்டை கண்டது. பக்கத்து வயலில் 27. உங்கள் வயலிலும் அப்படியே விளையும் என்று இதை வைத்து என்னால் சொல்ல முடியாது. கால் ஏக்கரில் நட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.”

“மேட்டூர்த் தண்ணீர் இங்கே வந்து சேருவதே பெரும்பாடு. வயலைக் காயவிடு என்கிறாய். அடுத்த முறை வராவிட்டால்?”

எனக்கு அச்சம் தருவது இந்தக் கேள்விதான். ஆறாவது ஸ்லைடில் ‘மயிரிழை வெடிப்பு கண்டதும் நீர் பாய்ச்சவும்’ என்று பெரிதாகவும், ‘நீர் கைவசம் உள்ள வயலுக்கு மட்டும்’ என்று அடியில் சிறிதாகவும் போட்டிருக்கிறாய். அந்தச் சிறிய வரியை நீயே முதலில் உரக்கப் படித்துவிடு. பிறகு சொல்: “போர்வெல் இல்லாமல் முறைத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்கள் வயலைக் காயவிட வேண்டாம், ஐயா. காய்ச்சலும் பாய்ச்சலும் அந்த வயலுக்குச் சொன்னதில்லை.”

“14 நாள் நாற்று ஐப்பசி மழையில் மூழ்கி அழுகினால் நஷ்டம் யார் தருவார்கள்?”

“இழப்பீடு பற்றி இந்த ஸ்லைடுகளில் எதுவும் இல்லை. வாக்குக் கொடுக்கும் அதிகாரமும் எனக்கு இல்லை. வடிகால் இல்லாத பள்ள வயல் இதற்கு ஏற்றதல்ல என்று ஐந்தாவது ஸ்லைடிலேயே இருக்கிறது.” இதோடு நிறுத்திவிடு. ‘ஆனாலும்’ என்று தொடங்கினால் சமாளிப்பதாகவே நினைப்பார்கள்.

“விதை மிச்சம் என்கிறாய். நடவு ஆட்களின் கூலி?”

இங்கே உன் கணக்கில் ஓட்டை இருக்கிறது. ஒன்பதாவது ஸ்லைடில் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பது சரி. ஆனால் 25 செ.மீ. இடைவெளியில் கயிறு பிடித்து ஒவ்வொரு நாற்றாக நடும் கூலியும், களையெடுக்கக் கோனோவீடர் தள்ளும் கூலியும் அட்டவணையில் இல்லை. “அம்மா, கூலியைச் சேர்க்காதது என் தவறு. அதைச் சேர்க்காமல் இதை லாபம் என்று சொல்ல மாட்டேன்” என்று சொல். நடவுக்குப் போகும் பெண்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சொல்.

“நீ சேற்றில் கால் வைத்திருக்கிறாயா?”

“சோதனை வயலில் நடவின்போது இருந்தேன், இரண்டாவது ஸ்லைடில் உள்ள படம் அதுதான். உங்கள் அளவுக்கு அனுபவம் எனக்கு இல்லை, ஐயா.” குரல் உயரக் கூடாது. அவர் பேசி முடிக்கும்வரை மைக்கைக் கீழே வைத்திரு.

ஒன்பதாவது ஸ்லைடைத் திருத்தி வியாழன் மாலைக்குள் எனக்குக் காட்டு.