கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் புதுப் பலகை பற்றி

நம்ம கடைக்கு வழக்கமாக வரும் ஐயாமார், அம்மாமார், அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போனில் காசு கட்டுவதற்கான கியூஆர் பலகை அது. "அப்போ இனிமே கைக்காசு வாங்க மாட்டீங்களா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். கட்டாயம் வாங்குவோம். கைக்காசு கொடுப்பவருக்கும் போனில் கட்டுபவருக்கும் அதே டீ, அதே விலை. போனில் கட்டினால் கூடுதலாக ஒரு கியாட்கூட வாங்க மாட்டோம். டீ 1,500, பலாட்டா 2,000, சமோசா 500 என்று சுவரில் எழுதியிருப்பதுதான் விலை. மேசையில் வைக்கும் பச்சைத் தேயிலைத் தண்ணீருக்கு எப்போதும்போல் காசு இல்லை.

பலகை வைத்ததற்குச் சில்லறைதான் முதல் காரணம். காலையில் கடை திறந்ததும் ஆளுக்கொரு 10,000 நோட்டை நீட்டினால் திருப்பிக் கொடுக்க 100, 200 நோட்டுக்கு எங்கே போவது? சில்லறைக்குப் பதிலாக மிட்டாயும் டிஷ்யூவும் கையில் திணிப்பது ரங்கூனில் பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. நம்ம கடையில் அது வேண்டாம் என்று நினைக்கிறேன். 200 கியாட் மீதி என்றால் அது உங்கள் காசு, மிட்டாய் வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. போனில் கட்டினால் 3,500 என்றால் சரியாக 3,500 போகும். கிழிந்த நோட்டு, கறை பட்ட நோட்டு என்று இரண்டு பக்கமும் முகம் சுளிக்க வேண்டியதும் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. இதுவரை சிலர் என் போன் நம்பருக்கே பணம் அனுப்பிவந்தீர்கள். போன மாதம் ஒரு அண்ணன் நம்பரில் ஓர் எண்ணை மாற்றித் தட்டிவிட்டார். காசு யாரோ ஒருவருக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. பலகையை ஸ்கேன் செய்தால் நம்பர் தட்டும் வேலையே இல்லை. அதனால் இனி என் சொந்த நம்பருக்கு அனுப்ப வேண்டாம், பலகைக்கே கட்டுங்கள்.

பலகையின் தலையில் MMQR என்று போட்டிருக்கும். அது பல வங்கிகளுக்கும் பொதுவான கியூஆர் கோடு. கேபே ஆப் வைத்திருப்பவருக்கு ஒன்று, வேறு வங்கி ஆப் வைத்திருப்பவருக்கு இன்னொன்று என்று சுவர் முழுக்க ஒட்டி வைக்கத் தேவையில்லை. உங்கள் ஆப் இந்தக் கோட்டைப் படிக்கவில்லை என்றால் கல்லாவில் சொல்லுங்கள், கைக்காசாக வாங்கிக்கொள்கிறோம்.

கட்டும் விதம் சுலபம். ஆப்பைத் திறந்து Scan என்பதைத் தொடுங்கள். பலகையிலிருந்து ஒரு முழம் தள்ளி போனைப் பிடியுங்கள். மேலே ட்யூப் லைட் எரியும்போது கண்ணாடியில் வெளிச்சம் அடித்துக் கோடு தெரியாமல் போகிறது, அப்போது கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் உடனே எடுக்கும். பலாட்டா பிய்த்த எண்ணெய்க் கையோடு தொட்டால் போன் சொன்ன பேச்சு கேட்காது, தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்கேன் ஆனதும் திரையில் SELVI TEA SHOP என்ற பெயர் வரும். தயவு செய்து இதை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கடைக்காரர் பார்க்காத நேரத்தில் வேறு ஒருவருடைய கோட்டை அச்சடித்து மேலே ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு பல ஊர்களில் நடந்திருக்கிறது. நாங்கள் காலையில் திறக்கும்போதும் மத்தியானமும் பலகையைத் தடவிப் பார்க்கிறோம். ஆனாலும் உங்கள் கண்ணும் கூட இருந்தால் எனக்குத் தெம்பு. வேறு பெயர் வந்தால் பணம் கட்டாதீர்கள், உடனே சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

பெயர் சரியாக இருந்தால் தொகையைப் போடுங்கள். சுழியை எண்ணிக்கொள்ளுங்கள், 1,500க்கும் 15,000க்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். அப்புறம் பின் நம்பர். அதை நீங்களே, உங்கள் கையாலேயே அடியுங்கள். நம்ம பையன்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் போனை அவர்கள் கையில் கொடுத்து "நீயே கட்டிடுப்பா" என்று சொல்லாதீர்கள். நாளைக்கு உங்கள் கணக்கில் ஏதாவது குறைந்தால் ஒரு பாவமும் அறியாத பையன் மேல் பழி விழும். உதவி வேண்டுமென்றால் அவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள், போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கட்டி முடித்ததும் கடை போனில் ஒரு மணிச்சத்தம் கேட்கும். அது கேட்கும் வரை கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் திரையில் 'முடிந்தது' என்று வந்தாலும் கல்லாவில் இருப்பவர் கடை போனைப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். உங்களைச் சந்தேகப்படுவதாக யாரும் எண்ண வேண்டாம். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் ஒரே முறை என்று வைத்துக்கொண்டோம். தொகை கூடிப் போயிருந்தால் கல்லாவில் சொல்லுங்கள், சரிபார்த்து அப்போதே கையில் தந்துவிடுகிறோம். கடையிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி யாராவது போனில் பின் நம்பரோ ஓடிபியோ கேட்டால் அது நாங்கள் இல்லை.

கரண்ட் போகும், லைனும் போகும். நம்ம ஊர் நிலைமை உங்களுக்கே தெரியும். கடை போன் எந்த நேரமும் பேட்டரியில் ஓடும்படி வைத்திருக்கிறோம், ஆனால் லைன் இல்லையென்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. காசு போனதா இல்லையா என்று தெரியாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் இரண்டாவது தடவை கட்டாதீர்கள். பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறோம். லைன் வந்ததும் பார்க்கிறோம், காசு வந்திருக்கவில்லை என்றால் அடுத்த நாள் கொடுங்கள்.

பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கையில் தொட்டுப் பார்க்க முடியாத காசை எப்படி நம்புவது என்கிறீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1964இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் பெட்டிக்குள் வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். 1987இல் 25, 35, 75 நோட்டுகளுக்கும் அதே கதி. அதனால் உங்களை யாரும் இங்கே போனுக்கு மாறச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். பழகிப் பார்க்க ஆசை இருந்தால் டீச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் போனில் போட்டு வையுங்கள், சேமிப்பு முழுவதையும் அதில் வைக்க வேண்டாம். காலை நெரிசல் அடங்கி பத்து மணிக்கு மேல் வந்தால் நானே உட்கார்ந்து நிதானமாகச் சொல்லித் தருகிறேன்.

பையன்களுக்கு அன்பாகக் கொடுக்கும் காசைப் பலகையில் சேர்த்துக் கட்ட வேண்டாம். அது கடைக் கணக்கில் விழுந்துவிடும், பிரித்தெடுப்பது சிரமம். கல்லா மேல் தகர டப்பா இருக்கிறது, அதில் போடுங்கள். ராத்திரி கடை மூடும்போது அவர்களே பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுக் கூட்டமாக வருகிறவர்கள் ஒரே ஆளாகச் சேர்த்துக் கட்டினால் வரிசை சீக்கிரம் நகரும். மாதக் கணக்கு வைத்திருப்பவர்களும் இனிப் பலகையிலேயே கட்டலாம், கட்டும்போது குறிப்பு எழுதும் இடத்தில் உங்கள் பெயரையும் மாதத்தையும் போடுங்கள். பற்று நோட்டு முன்போலவே கல்லாவில் இருக்கும். கட்டியதும் உங்கள் முன்னாலேயே வரவு வைத்து, நீங்கள் பார்த்த பிறகுதான் பக்கத்தைத் திருப்புவோம்.

இப்படிக்கு,
செல்வி டீக்கடைக்காரர்
அனோரத்தா சாலைச் சந்து, ரங்கூன்