கயல் படிப்புச் செலவு: நான்கு வருஷக் கணக்கு

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய கல்லூரி புத்தகத்தின் போட்டோவை வைத்து நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்கு போட்டேன். நீயும் மாமாவும் நிதானமாகப் படிப்பதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். சனிக்கிழமை முன்பணம் கட்டப் போவதற்குள் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் போட்டோவில் விடுதிக் கட்டணத்தின் மேல் டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. 1,10,000-ஆ 1,70,000-ஆ என்று பிடிபடவில்லை. ஒரே ஒரு இலக்கம்தான், ஆனால் வருஷத்துக்கு அறுபதாயிரம் வித்தியாசம். பட்டியலின் அடியில் மொத்தம் 3,85,000 என்று தெளிவாக இருந்ததால் மற்றதை எல்லாம் அதிலிருந்து கழித்துப் பார்த்தேன். கல்விக் கட்டணம் 2,25,000, தேர்வு, ஆய்வகம், நூலகம் எல்லாம் சேர்த்து 25,000, சேர்க்கைக் கட்டணம் 15,000, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 10,000. மீதி 1,10,000. அதனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 1,10,000தான், சந்தேகம் வேண்டாம். ஏசி இல்லாத, மூன்று பேர் தங்கும் அறைக்கு.

அந்தப் பக்கத்தின் அடிப்பகுதி போட்டோவில் வெட்டுப்பட்டிருந்தது. நல்லவேளை, கேட்டதும் இனியன் மறுபடி எடுத்து அனுப்பினான். முக்கியமான விஷயமே அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. கல்வி மற்றும் இதர கட்டணம் ஆண்டுதோறும் 5% உயரும், விடுதிக் கட்டணம் மாறுதலுக்கு உட்பட்டது என்று இரண்டே வரி. விடுதிக்கு எவ்வளவு ஏறும் என்று போடவில்லை. அரிசி, காய்கறி, கேஸ் விலையோடு சேர்ந்து ஏறுவது என்பதால் 8% என்று நானே வைத்துக்கொண்டேன்.

| | முதல் வருஷம் | 2-ம் வருஷம் | 3-ம் வருஷம் | 4-ம் வருஷம் |
|---|---|---|---|---|
| கல்வி, இதர கட்டணம் | 2,50,000 | 2,62,500 | 2,75,625 | 2,89,406 |
| விடுதி, சாப்பாடு | 1,10,000 | 1,18,800 | 1,28,304 | 1,38,568 |
| ஒரு தடவை கட்டுவது | 25,000 | – | – | – |
| மொத்தம் | 3,85,000 | 3,81,300 | 4,03,929 | 4,27,974 |

நான்கையும் கூட்டினால் 15,98,203 ரூபாய்.

நீ 3,85,000-ஐ நாலால் பெருக்கி 15,40,000 என்று சொன்னாய். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் உன் கணக்கில் சேர்க்கைக் கட்டணமும் வைப்புத்தொகையும் நாலு தடவை வந்துவிட்டன. அப்படி 75,000 கூடுதலாகச் சேர்ந்ததால்தான் கட்டண உயர்வை விட்டது வெளியே தெரியவில்லை. சரியாகப் போட்டால், கட்டணம் ஏறாமலே இருந்தால் 14,65,000தான் வரும். ஏற்றத்துக்காக மட்டும் நாம் கட்டப்போவது 1,33,203.

5% என்பதை முதல் வருஷக் கட்டணத்தின் மேல் போடுவார்களா, ஒவ்வொரு தடவையும் முந்தின வருஷத்தின் மேல் போடுவார்களா என்று மாமா கேட்டாராமே. நல்ல கேள்விதான். நான் போட்டிருப்பது இரண்டாவது முறை. முதல் முறையில் போட்டால் நாலு வருஷத்துக்கும் சேர்த்து 2,531 ரூபாய்தான் குறைகிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது, அச்சில் போட்டதைத் தாண்டி ஏற்றினால் என்ன செய்வது என்பதுதான். கல்வி, விடுதி இரண்டுமே 10% ஏறினால் மொத்தம் 16,95,760 ஆகிவிடும். இது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கவுன்சலிங் வழியாகச் சேரும் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கு அரசு அமைத்த குழு கட்டணம் நிர்ணயிப்பது போல இங்கே கிடையாது. அதனால் நாலு வருஷக் கட்டணத்தையும் வருஷவாரியாகக் கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்கிவிடு.

பட்டியலில் இல்லாத செலவும் இருக்கிறது. லேப்டாப் 55,000. ஊருக்கு வந்துபோக, போன், துணிமணி, சோப்பு சீப்பு, திடீரென்று கேட்கும் பயிற்சிக் கட்டணம் என்று வருஷத்துக்கு 30,000 வைத்திருக்கிறேன். அது நாலு வருஷத்துக்கு 1,20,000. எல்லாம் சேர்த்தால் 17,73,203. நீ மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய தொகை இதுதான்.

இப்போது உங்கள் கையிருப்பு. வங்கி டெபாசிட் 4 லட்சம், அடுத்த ஆவணியில் முடியும் சீட்டு 3 லட்சம், மாமா சம்பளத்தில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் மிச்சம். முதல் வருஷம் லேப்டாப், மற்ற செலவு எல்லாம் சேர்த்து 4,70,000 போனாலும் 80,000 மிஞ்சும். இரண்டாம் வருஷம் சீட்டுப் பணமும் வந்துவிடும், அந்தச் செலவு போக 1,18,700 கையில் நிற்கும். இரண்டு வருஷமும் தாராளமாகத் தெரியும், அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. மூன்றாம் வருஷம் 1,65,229 துண்டு விழும். நாலாம் வருஷம் 3,07,974. அந்த வருஷம்தான் இனியன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போவான். அவனுக்கும் சேர்த்து அப்போது பணம் புரட்ட முடியாது அக்கா.

குறைவது மொத்தம் 4,73,203. அதற்கு நகையை அடகு வைக்கலாம் என்று சொன்னாய். வேண்டாம். கல்விக்கடனுக்கு இப்போதே விண்ணப்பிப்போம். 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள். நாலு லட்சத்தைத் தாண்டினால் செலவில் 5% நம் பங்காகப் போட வேண்டியிருக்கும், அது நம்மால் முடியும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் எடுத்த நாளிலிருந்து ஓடும், அதனால் முதல் இரண்டு வருஷம் நம் பணத்தில் கட்டிவிட்டு, மூன்றாம் வருஷத்திலிருந்து கடனை எடுக்க முடியுமா என்று கிளை மேலாளரிடம் கேட்போம். வருஷவாரிக் கட்டணக் கடிதம் அங்கேயும் தேவைப்படும். முதல் வருஷத் தொகையை மட்டும் காட்டினால் அதை வைத்தே கடன் நிர்ணயித்துவிடுவார்கள், கடைசி வருஷத்தில் பற்றாமல் போகும்.

இனியனிடம் சொல், கூகுள் ஷீட்டில் B2-ல் 250000, B3-ல் 110000, G2-ல் 5%, G3-ல் 8% போட்டு, C2-ல் இதை எழுதி E3 வரை இழுக்கட்டும்:

```
=ROUND(B2*(1+$G2),0)
```

அப்புறம் வேறு கல்லூரி போட்டோ வந்தாலும் எண்களை மாற்றினால் போதும்.

கயலுக்கு இந்தப் படிப்பில் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். கட்ட முடியாது என்று நான் சொல்லவில்லை, நாலாம் வருஷத்துக்கு இப்போதே வழி செய்துகொண்டு சேர்ப்போம் என்கிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் துறையூர் வந்துவிடுகிறேன், மூணு பேருமாகப் போவோம். விடுதிக் கட்டணம் போன மூன்று வருஷத்தில் எவ்வளவு ஏறியது என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்கிறேன். வைப்புத்தொகை ரசீதைத் தனியாக வாங்க மறக்காதே, அந்தப் பத்தாயிரம் நாலு வருஷம் கழித்து அந்த ரசீதைக் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும்.

உன் தம்பி
செந்தில்