பார்சல் கைக்கு வந்த பிறகே காசு

போன வாரம் மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். மகளுக்கு எங்கள் துணிக்கடையிலுள்ள கத்தரிப்பூ நிறச் சுடிதார் பிடித்துவிட்டது. "முகம் தெரியாத ஆளுக்கு எப்படித் தம்பி காசு அனுப்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அனுப்பவே வேண்டாம். முன்பு தபாலில் வீ.பி.பி. வந்தால் தபாற்காரரிடம் காசைக் கொடுத்துப் பார்சலை வாங்குவோமே, இதுவும் அப்படித்தான். பார்சலின் மேல் ஒட்டிய துண்டில் உங்கள் பெயரும் எங்கள் கடை நம்பரும் தொகையும் இருக்கும். சுடிதார் 3,450, கூரியர் 450, மொத்தம் 3,900 ரூபா. அதற்கு மேல் ஒரு ரூபா கேட்டாலும் கொடுக்காதீர்கள். கூரியர் தம்பி வாசலில் நிற்கும்போதே எங்களுக்கு அழையுங்கள். நீங்கள் ஓர்டர் செய்யாத பார்சல் வந்தால் வாங்கவே வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். காசைக் கொடுத்த பிறகுதான் பார்சலைத் திறக்க முடியும். கூரியர்காரரின் விதி அது, அவரோடு சண்டை வேண்டாம். அதனால் திறக்கும்போது வீட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டிய துண்டு முதலில் தெரியட்டும், அப்புறம் கத்தரிக்கோல் வையுங்கள். கிழிசல், கறை, நிறம் மாறியது, அளவு பிழைத்தது எதுவானாலும் அந்த வீடியோவை 7 நாளுக்குள் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிழை எங்களுடையது என்றால் திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் எங்களுடையது. அளவு மட்டும் உங்களுக்குச் சரிவரவில்லையா? மாற்றித் தருவோம், கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. உடுத்தியதையும் துவைத்ததையும் எடுக்க முடியாது.

கடந்த தீபாவளிக்குக் கல்முனைக்கு அனுப்பிய சேலை படத்தில் மஞ்சளாகவும் கையில் காவியாகவும் இருந்தது. கடை விளக்கில் படம் எடுத்தது எங்கள் தவறு. முழுக் காசையும் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எல்லாத் துணியையும் வாசல் வெளிச்சத்தில்தான் படமெடுக்கிறோம்.

காசு திருப்பி அனுப்ப உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் போதும். போனுக்கு வரும் ஓடீபி இலக்கத்தையோ ஏடிஎம் பின் நம்பரையோ நாங்கள் கேட்கவே மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். எங்களோடு பேசியும் தீராத குறை இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அது உங்கள் உரிமை.

முதன்முறை வாங்குகிறவர்கள் புறக்கோட்டையில் உள்ள எங்கள் கடைக்கு வீடியோ கோல் எடுங்கள். துணியை விரித்து, டேப் வைத்து அளந்து காட்டுகிறோம். தோட்டத்தில் இருப்பவர்கள் விலாசத்தோடு டிவிஷனையும் பக்கத்துக் கோயிலையும் எழுதுங்கள். பகலில் சிக்னல் இல்லாத இடமென்றால் இன்னொரு நம்பரும் தாருங்கள். கூரியர்காரரின் அழைப்பை எடுக்காததால்தான் பாதிப் பார்சல் கொழும்புக்கே திரும்பி வருகிறது.