சம்மதம் சொல்வதற்கு முன்: என் வீட்டுக் கணக்கு

பொகவந்தலாவை
15.06.2025

அன்புள்ள சுதாகரன் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு ஹட்டன் பஸ் நிலையத்தில் விடைபெறும்போது, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறேன் என்று கேட்டீர்கள். மாத்தளை பஸ் புறப்படும் அவசரத்தில், "பிறகு சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. மூன்று மாதப் பழக்கத்தில் இதை நானாகவே சொல்லியிருக்க வேண்டும். பயந்து ஓடிவிடுவீர்களோ என்ற தயக்கத்தில் இருந்துவிட்டேன். பெரியவர்கள் நாள் குறிக்கும் பேச்சை எடுப்பதற்கு முன், எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவிடுகிறேன்.

கழிவுகள் போக என் கைக்கு மாதம் 58,000 ரூபாய் வருகிறது. அதில் வீட்டுச் செலவுக்கு 20,000, பேராதனையில் படிக்கும் தம்பிக்கு 12,000, சீட்டுக்கு 5,000 என்று 37,000 ரூபாய் போய்விடும். மிச்சமுள்ள 21,000 ரூபாயில்தான் என் பஸ் செலவும் மற்றத் தேவைகளும். தம்பிக்கு மஹாபொல உதவித்தொகை உண்டென்றாலும், அது வந்து சேரும் நாளை நம்பி அறை வாடகை கொடுக்க முடியாது. வீட்டுச் செலவு என்று எழுதியதில் ஏறக்குறைய 6,000 ரூபாய் அப்பாவுக்கு ஆகிறது. அவருக்குச் சீனி வருத்தம். டிக்கோயா வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், அங்கே இல்லாத மாத்திரைகளை வெளியே வாங்க வேண்டியிருக்கிறது. தனியாகப் போக முடியாதவர் என்பதால் போக்குவரத்துச் செலவும் இரண்டு பேருக்கு.

அம்மா 1986இல், 18 வயதில், பெயர் பதிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கி, 2023இல் 55 வயதில் நின்றவர். 37 வருடம் உழைத்தவருக்கு மாதா மாதம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் அப்பா தபால் திணைக்களத்தில் இருந்தவர். அவர் காலமான பிறகும் உங்கள் அம்மாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. தோட்டத்தில் ஓய்வூதியம் கிடையாது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் போட்டுச் சேரும் சேமலாப நிதியை ஒரே தடவையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாட்சம்பளம் சிறியதாக இருந்த காலமெல்லாம் அந்த வீதமும் சிறியதாகவே சேர்ந்தது. வந்த பணத்தில் காம்பராவின் கூரைத் தகரம் மாற்றினோம், தம்பியின் படிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கினோம், ஒரு பழைய கடனை அடைத்தோம். ஒரு வருடத்தில் தீர்ந்துவிட்டது. சர்வீஸ் காசை அந்தத் தோட்ட நிர்வாகம் இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. அம்மா நான்கு தடவை ஆபிசுக்கு நடந்துவிட்டார். குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் எங்கள் பெயரில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் சாதாரண தரம் எழுதிய 2011இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 380 ரூபாய். அம்மாவிடம் இருந்தது ஒரு சோடித் தோடு. என் வகுப்புக் காசுக்கும் உயர்தரப் பாடப் புத்தகங்களுக்கும் பிறகு பத்தனைக் கல்வியியற் கல்லூரிக்குப் போகும்போது பெட்டி, உடுப்புகளுக்குமாக அது மூன்று தடவை அடகுக்குப் போனது. தீபாவளி முற்பணம் கிடைத்ததும் அம்மா முதலில் அதைத்தான் மீட்பார். பிறகு அந்த முற்பணம் மாதா மாதம் சம்பளத்தில் வெட்டப்படும். மூன்றாவது தடவை மீட்க முடியவில்லை. காதுத் துளை அடைந்து போகாமலிருக்க அம்மா வேப்பங்குச்சியைச் செருகியிருந்ததை நான் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். மழைக்கு மூடும் படங்கும் தலையில் மாட்டும் கூடைக் கயிறும் பதிந்த தழும்பு அவர் உச்சியில் இன்றும் இருக்கிறது. தலை வாரிவிடும்போது சீப்பு அந்த இடத்தில் தடுக்கும். இதை உங்கள் இரக்கத்துக்காக எழுதவில்லை. அந்த 20,000 ரூபாயை நான் பாரமாகவோ தானமாகவோ எண்ணவில்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

உங்கள் பெரியம்மா வந்திருந்தபோது, கட்டிக் கொடுத்த பெண் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டியதில்லை என்ற கருத்தில் ஏதோ சொன்னார். வயதில் மூத்தவர் என்பதால் அன்று நான் பேசவில்லை. ஆனால் உங்களிடம் பேசாமல் இருக்க முடியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்கூட, பெற்றோரைக் கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறதே தவிர, ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் என் முடிவு இதுதான். கலியாணத்துக்குப் பிறகும் என் சம்பளத்திலிருந்து அப்பா அம்மாவுக்குக் கொடுப்பேன். அதை உங்களுக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன். ஒவ்வொரு மாதமும் அனுமதி கேட்டு நிற்கவும் மாட்டேன்.

இது இப்படியே பெருகிக்கொண்டு போகும் என்று எண்ண வேண்டாம். சீட்டு வரும் மார்ச்சில் முடிகிறது. தம்பியின் படிப்பு 2026 இறுதியில் முடியும். அதன் பிறகு ஆறு மாதம் வேலை தேட அவகாசம் கொடுத்து, அவன் செலவை நிறுத்திக்கொள்வேன் என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். "வேலை கிடைத்தால் அப்பாவின் மருந்து என் பொறுப்பு, அக்கா" என்றான். அவன் சொல் நடக்கட்டும். நம் கணக்கில் அதை இப்போதே வரவாக எழுத வேண்டாம். ஆக, நீண்ட காலத்துக்கு நிற்பது அந்த 20,000 ரூபாயும் விலைவாசிக்கேற்ற ஏற்றமும்தான். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் எதிர்பார்க்கவில்லை. கலியாணச் செலவுக்காக என் வீட்டார் கடன்படுவதையும் நான் விரும்பவில்லை. தோட்டத்து மரண உதவிச் சங்கச் சந்தா, மாரியம்மன் திருவிழா வரி போன்றவை சிறு தொகைகள். திருவிழாவுக்கு மட்டும் வருடம் ஒரு முறை நாம் இருவரும் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எழுதக் கடினமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இப்போது அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். மாத்தளைக்கோ கண்டிக்கோ வரச் சொன்னாலும் வரமாட்டார்கள். ஒரு நாள் இருவரில் ஒருவர் தனித்துப் போனால், அவரை லயத்தில் விட்டுவிட்டு என்னால் இரவு உறங்க முடியாது. அன்று நம் வீட்டில் அவருக்கு ஓர் இடம் வேண்டும். உங்கள் அம்மாவும் நம்மோடு இருக்கப் போகிறார் என்பதை அறிவேன். அவரை மனதாரப் பார்த்துக்கொள்வேன். அதற்கும் இதற்கும் பண்டமாற்று எதுவுமில்லை. ஆனாலும் இரண்டு சம்பந்தி வீட்டார் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் உள்ள சிரமத்தை மறைக்கவில்லை. அதை நீங்கள் உங்கள் அம்மாவோடு பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

அதேபோல் உங்கள் வீட்டுக் கணக்கையும் அறிய விரும்புகிறேன். தங்கையின் கலியாணத்துக்காக வாங்கிய கடனைப் பற்றி ஒரு முறை பாதியில் சொல்லி நிறுத்தினீர்கள். தொகை எவ்வளவானாலும் எழுதுங்கள். அதைப் பார்த்து நான் ஓடிவிட மாட்டேன்.

உடனே பதில் வேண்டியதில்லை. இவ்வளவையும் தாங்க இயலாது என்று தோன்றினால், அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். எனக்கு மனவருத்தம் இருக்கும், உங்கள் மேல் கோபம் இருக்காது. 29ஆம் திகதி ஞாயிறு, அப்பாவுக்கு மாத்திரை வாங்க ஹட்டனுக்கு வருகிறேன். பத்து மணிக்குப் பார்மசிக்கு முன்னால் இருப்பேன். அப்பாவும் கூட வருகிறார். உங்களோடு ஒரு தேநீர் குடிக்க வேண்டும் என்று அவரே கேட்டார்.

இப்படிக்கு,
அன்புடன்
யோகேஸ்வரி