பழவேற்காடு முகத்துவாரம்: கூட்டத்துக்கான டெலிப்ராம்ப்டர் உரை

[இயக்குபவருக்கு: தடித்த எழுத்து அழுத்திச் சொல்ல. ஒரு கோடு / சின்ன மூச்சு. மூன்று கோடு /// வந்தால் உருட்டலை நிறுத்தி, பேசுபவர் தலை நிமிரும்வரை காத்திருக்கவும். முகத்துவாரப் பகுதியில் வேகம் குறையட்டும்.]

வணக்கம். /

சென்னைக்கு வடக்கே,
ஆந்திர எல்லையில்
இருக்கிறது எங்கள் ஏரி.

ஏரியின் பெரும்பகுதி
அந்தப் பக்கம். /
எங்கள் படகுகள்
இந்தப் பக்கம்.

///

1613-இல்
டச்சுக்காரர்கள் இங்கே
கோட்டை கட்டினார்கள்.

அது பழைய கதை. /
இன்று பேச வந்தது
முகத்துவாரத்தைப் பற்றி.

///

[மெதுவாக]

ஏரியும் கடலும்
சந்திக்கும் வாய் அது.

இறால்
கடலில் முட்டையிடும். /
குஞ்சு
ஓதத்தோடு
உள்ளே வரும். /
ஏரியில் வளரும். /
பெரிதானதும்
மறுபடி கடலுக்குப் போகும்.

மடவை மீனுக்கும்
இதே வழிதான்.

///

வாய் அடைந்தால்
வழியே இல்லை.

///

ஏன் அடைகிறது?

கரையோரமாகக் கடல்
மணலைத் தள்ளிக்கொண்டே
இருக்கிறது.

மழைக்காலத்தில்
ஆரணி ஆற்று நீரும்,
ஆந்திரா பக்கமிருந்து
காளங்கி ஆற்று நீரும்
ஏரியை நிரப்பும். /
அந்த வேகம்
மணலை வெளியே தள்ளும்.

மழை பொய்த்தால்
தள்ள ஆள் இல்லை. /
மணல் திட்டாகிவிடும்.

[இங்கே பார்வையாளர்களைப் பார்க்கவும்]

அப்புறம் கோடை. /
தண்ணீர் ஆவியாகும். /
உப்பு ஏறும். /
சில இடங்களில்
கடலைவிட அதிகமாக.

///

எங்களிடம்
பாடு என்றொரு முறை உண்டு.

எந்த நாள்,
எந்த இடத்தில்,
யார் வலை போடுவது? /
ஊரே உட்கார்ந்து
முறை வைத்துக் கொடுக்கும்.

சண்டை வராமல்
மீனைப் பங்கிட
எங்களுக்குத் தெரியும்.

இறாலே வராதபோது
எதைப் பங்கிடுவது?

///

[நிதானமாக, குரல் உயர்த்தாமல்]

எங்கள் கோரிக்கை மூன்று.

ஒன்று. /
வாய் அடைந்த பிறகு
தூர் வாராதீர்கள். /
அடையத் தொடங்கும்போதே
தூர் வாருங்கள்.

இரண்டு. /
எப்போது, எங்கே என்று
முடிவெடுக்கும் கூட்டத்தில்
வலை போடுகிறவர்களையும்
உட்கார வையுங்கள். /
மணல் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று
தினமும் பார்க்கிறவர்கள்
அவர்கள்தான்.

மூன்று. /
அள்ளிய மணலை
வாயின் ஓரத்திலேயே
கொட்ட வேண்டாம். /
அடுத்த அலையில்
அது திரும்ப வந்துவிடும்.

///

இது இரண்டு மாநில ஏரி. /
தடா பக்கத்து மீனவர்களோடு
நாங்கள் பேசிக்கொண்டுதான்
இருக்கிறோம். /
தெலுங்கிலும் பேசுவோம்,
தமிழிலும் பேசுவோம்.

இரண்டு அரசு அலுவலகங்களும்
அதே மாதிரி
ஒரே மேசையில்
உட்கார வேண்டும்.

///

[திரையில் வரைபடம் வரும். அது முழுவதும் தெரிந்த பிறகே அடுத்த வரியை உருட்டவும்]

இந்த வரைபடத்தில்
சிவப்பில் குறித்த இடம்
இப்போது மணல் ஏறியிருக்கும் பகுதி. /
அங்கிருந்து வடக்கே பாருங்கள். /
முதலில் வார வேண்டியது
அந்த இடம்.

கேள்விகள் இருந்தால்
இப்போதே கேளுங்கள்.

[உரை முடிந்தது. திரையை அணைக்க வேண்டாம்; கேள்வி நேரத்தில் மூன்று கோரிக்கைகளும் மறுபடி தேவைப்படும்]